ஒரு வார்டில் 5, இன்னொரு வார்டில் 3: மதிப்பெண்ணுக்கு அர்த்தம் எழுதுவது எப்படி?

கேள்வி:

150 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையில் மனிதவளப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நர்ஸ்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை அப்ரைசல். 1 மிக மோசம், 2 மோசம், 3 சராசரி, 4 நன்று, 5 மிக நன்று. ஆறு இன்சார்ஜ் சிஸ்டர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். பெண்கள் வார்டில் ஏறக்குறைய எல்லோருக்கும் 4, 5. ஐ.சி.யூ.வில் பெரும்பாலும் 3. போன வருடம் பெண்கள் வார்டில் 5 வாங்கிய ஒரு நர்ஸ், ஐ.சி.யூ.வுக்கு மாறி இந்த வருடம் 3 வாங்கினார். இன்கிரிமென்ட் குறைந்துவிட்டது. "ஒரே வருஷத்துல நான் இவ்வளவு மோசமாயிட்டேனா மேடம்?" என்று என் முன்னால் அழுதார். ஒரு வார்டில் 10 சதவீதம் பேருக்கு மேல் 5 போடக் கூடாது என்று விதி வைக்கச் சொல்கிறார் எங்கள் நிர்வாக இயக்குநர். நானோ ஒவ்வொரு எண்ணுக்கும் விளக்கம் எழுத ஆரம்பித்திருக்கிறேன்: "5 – எதிர்பார்ப்பை வெகுவாக மீறுபவர், 4 – எதிர்பார்ப்பை மீறுபவர், 3 – எதிர்பார்ப்பை நிறைவு செய்பவர்" என்று. இது போதுமா? நானே எழுதிவிடலாமா? அந்த நர்ஸின் மதிப்பெண்ணைத் திருத்த வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்த நர்ஸிடம் நீங்கள் நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில் ஒன்று இருக்கிறது. அவருடைய வேலை மோசமானதா இல்லையா என்பதை இந்த இரண்டு எண்களை வைத்துச் சொல்லவே முடியாது. 5 போட்ட சிஸ்டரும் 3 போட்ட சிஸ்டரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் "இந்தப் பொண்ணு நல்லா வேலை பார்க்கிறாளா?" என்று தன்னைக் கேட்டிருப்பார். இன்னொருவர் "என் ஐ.சி.யூ.வில் இருப்பவர்களோடு வைத்துப் பார்த்தால் எப்படி?" என்று கேட்டிருப்பார். தாளில் "நன்று" என்று மட்டும் இருந்தால் இரண்டுமே நியாயமான கேள்விதான். அதனால் ஒருவர் தாராளம், இன்னொருவர் கறார் என்ற முடிவுக்கு இப்போதே போக வேண்டாம்.

உங்கள் விளக்கங்களும் இதைத் தீர்க்காது. "எதிர்பார்ப்பை மீறுபவர்" என்றால் யாருடைய எதிர்பார்ப்பு? ஐ.சி.யூ. சிஸ்டரின் எதிர்பார்ப்பு ஒன்று, பெண்கள் வார்டு சிஸ்டரின் எதிர்பார்ப்பு வேறு. வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது, விளக்கமும் அதையே நம்பி நிற்கிறது. "எப்போதும் செய்கிறார், பெரும்பாலும் செய்கிறார், சில சமயம் செய்கிறார்" என்று எழுதினாலும் இதே கதைதான். ஒருவருடைய "பெரும்பாலும்" இன்னொருவருக்கு "சில சமயம்". அளவைப் பத்துப் புள்ளியாக்கினால் கருத்து வேறுபட இன்னும் ஐந்து இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

நிர்வாக இயக்குநரின் 10 சதவீத விதியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எட்டு நர்ஸ் இருக்கும் வார்டில் 10 சதவீதம் என்பது ஒரு ஆள்கூட இல்லை. ஒருவருக்காவது 5 கொடுக்கலாம் என்று தளர்த்தினால், எட்டுப் பேரும் திறமைசாலிகளாக இருக்கும் வார்டில் ஏழு பேர் தண்டிக்கப்படுவார்கள். எட்டுப் பேரும் சுமாராக இருக்கும் வார்டில் ஒருவருக்குச் சும்மா 5 போகும். வார்டுக்கு வார்டு எண்கள் ஒரே மாதிரி தெரியும், ஆனால் அவற்றின் அர்த்தம் ஒன்றாகியிருக்காது. இன்கிரிமென்ட் பட்ஜெட்டைக் கட்டுப்படுத்துவதுதான் அவருடைய கவலை என்றால், அதைப் பணத்தை வைத்து நேராகவே முடிவு செய்யலாம். மதிப்பெண்ணை அதற்காக வளைக்க வேண்டியதில்லை.

நடத்தையிலிருந்து தொடங்குங்கள்

உங்களுக்குத் தேவையான முறை ஏற்கெனவே இருக்கிறது. அது நர்ஸ்களை வைத்தே உருவானது என்பது உங்களுக்கு இன்னும் வசதி. 1963-ல் பெட்ரீஷியா கெய்ன் ஸ்மித், கெண்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள், மருத்துவமனை நர்ஸ்களின் வேலையை மதிப்பிட ஒரு அளவை உருவாக்கினார்கள். அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் அடைமொழிக்குப் பதிலாக, அந்தத் தரத்தில் இருக்கும் நர்ஸிடம் எதிர்பார்க்கக்கூடிய ஒரு செயல் எழுதப்பட்டிருந்தது. அந்தச் செயல்களை ஆராய்ச்சியாளர்கள் தாங்களாகவே எழுதவில்லை. வார்டில் வேலை தெரிந்தவர்களிடமிருந்தே வாங்கினார்கள்.

"நானே எழுதிவிடலாமா?" என்ற கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. வேண்டாம். உங்கள் தமிழும் ஆங்கிலமும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அலுவலக அறையிலிருந்து எழுதினால் வரிகள் பொதுவாகத்தான் வரும். அதோடு, தாங்கள் சொன்னது தாளில் இருந்தால்தான் இன்சார்ஜ்கள் அதைத் தங்கள் தாளாக நினைப்பார்கள்.

முதலில் தலைப்புகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்தல், நோயாளியின் நிலை மாறுவதைக் கவனித்துச் சொல்லுதல், டியூட்டி ஒப்படைத்தல், நோயாளியிடமும் அட்டெண்டரிடமும் பேசுதல் என்று நான்கு போதும். "ஒட்டுமொத்தத் திறமை", "அர்ப்பணிப்பு" போன்றவற்றை எடுத்துவிடுங்கள். அவை யாரும் கண்ணால் பார்க்கிற விஷயங்கள் இல்லை.

அப்புறம், ஒவ்வொரு இன்சார்ஜையும் இரண்டு மூன்று அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸ்களையும் தனித்தனியாக உட்கார வைத்துச் சம்பவம் கேளுங்கள். "நல்ல நர்ஸ் எப்படி இருப்பார்?" என்று கேட்டால் "பொறுமையா, பொறுப்பா இருப்பார்" என்றுதான் பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்: "கடந்த ஆறு மாதத்தில், ஒருவர் டியூட்டி ஒப்படைத்த விதத்தைப் பார்த்து 'இவரை மாதிரி நாலு பேர் வேண்டும்' என்று நினைத்தது எப்போது? அன்றைக்கு என்ன நிலைமை, அவர் சரியாக என்ன செய்தார், என்ன சொன்னார்?" அதே போல, பார்த்துச் சங்கடப்பட்ட ஒரு சம்பவத்தையும், பேசும்படி ஒன்றுமில்லாமல் ஒழுங்காக நடந்த ஒரு சாதாரண ஒப்படைப்பையும் கேளுங்கள். இந்த மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். நல்லதும் கெட்டதும் மட்டும் கையில் இருந்தால் 1-ம் 5-ம் அழகாக எழுதலாம். உங்கள் சண்டையெல்லாம் 2, 3, 4-ல்தான். பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டாம், சம்பவம் போதும்.

ஒரு தலைப்பை முழுதாக எழுதிப் பார்ப்போம்

டியூட்டி ஒப்படைப்பையே எடுத்துக்கொள்கிறேன். சேகரித்த சம்பவங்களிலிருந்து ஐந்து படிகள் ஏறக்குறைய இப்படி வரலாம்.

1 – நர்சிங் ஸ்டேஷனில் நின்றபடியே "எல்லாம் பழையபடிதான்" என்று சொல்லிக் கிளம்புகிறார். டாக்டர் மதியம் மாற்றிய மருந்து சொல்லப்படவில்லை. அடுத்த டியூட்டி நர்ஸ் அவருக்குப் போன் செய்து கேட்க வேண்டியிருக்கிறது.

2 – படுக்கை படுக்கையாகப் போய்ச் சொல்கிறார். நோய், ஓடிக்கொண்டிருக்கும் டிரிப்ஸ் எல்லாம் சொல்கிறார். ஆனால் நிலுவையில் இருப்பது கேட்டால்தான் வருகிறது. எட்டு மணி ஆன்டிபயாடிக் போட்டாயிற்றா என்று கேட்டால் "ஷீட்டைப் பாருங்க" என்கிறார்.

3 – படுக்கையருகே, கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நோயாளிக்கும் கொடுத்த மருந்து, கொடுக்க வேண்டிய மருந்து, ஒவ்வாமை, வர வேண்டிய பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் கேட்காமலே சொல்கிறார். எதுவும் விடுபடவில்லை.

4 – 3-ல் உள்ள அனைத்தும். கூடவே, சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்கிறார். மாறிய மருந்தின் அளவை எடுத்துக்கொள்பவரைத் திருப்பிச் சொல்ல வைக்கிறார். டிரிப்ஸ் போகும் வேகத்தை இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள்.

5 – 4-ல் உள்ள அனைத்தும். கூடவே, அடுத்த சில மணி நேரத்தில் எது கெடக்கூடும், கெட்டால் என்ன செய்வது என்று சொல்லிவிட்டுப் போகிறார். "மதியத்திலிருந்து யூரின் குறைஞ்சுக்கிட்டே வருது. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். எட்டு மணிக்கும் இப்படியே இருந்தா மறுபடி கூப்பிடச் சொல்லியிருக்கார்."

இந்தப் படிகளில் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயம்தான் மாறுகிறது. 2-லிருந்து 3-க்கு வர, விடுபடுவது நிற்க வேண்டும். 3-லிருந்து 4-க்கு, கேட்டவருக்குப் புரிந்ததா என்று பார்க்க வேண்டும். 4-லிருந்து 5-க்கு, வரப்போவதைச் சொல்ல வேண்டும். இரண்டு விஷயங்களை ஒரே படியில் மாற்றினால், ஒன்றைச் செய்து மற்றதைச் செய்யாத நர்ஸை எங்கே வைப்பது என்று இன்சார்ஜ் குழம்பிவிடுவார்.

3-ஐ நன்றாகக் கவனியுங்கள். அது முழுமையான, பாதுகாப்பான வேலை. நோயாளியாக நான் படுத்திருந்தால் எனக்கு அந்த ஒப்படைப்பே நிம்மதி தரும். உங்கள் பழைய தாளில் 3-க்குப் பக்கத்தில் "சராசரி" என்று இருந்ததால்தான் அந்த நர்ஸ் அழுதார். பெண்கள் வார்டு சிஸ்டர் எல்லோரையும் 4-க்குத் தள்ளியதற்கும் அதே காரணம் இருக்கலாம், தன் பிள்ளைகளைச் சராசரி என்று எழுத அவருக்கு மனம் வந்திருக்காது. அந்த வார்த்தையையே எடுத்துவிடுங்கள்.

5-ல் எதை எழுதக் கூடாது என்பதும் முக்கியம். "டியூட்டி முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் இருந்து உதவுகிறார்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கும் நர்ஸுக்கு அந்த 5 எந்தக் காலத்திலும் கிடைக்காது, ஒப்படைப்பின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. "இவர் ஒப்படைத்த பிறகு எந்தத் தவறும் நடந்ததில்லை" என்பதும் வேண்டாம். அது அடுத்த டியூட்டிக்காரரையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது.

கலைத்துப் போட்டுச் சோதியுங்கள்

ஸ்மித், கெண்டல் முறையின் உயிர் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. பல நிறுவனங்கள் இதைத்தான் விட்டுவிடுகின்றன. சம்பவங்களை ஒவ்வொன்றாகச் சிறு சீட்டுகளில் எழுதுங்கள். தலைப்பும் எண்ணும் வேண்டாம். நன்றாகக் கலைத்து, அவற்றைச் சொல்லாத வேறு எட்டுப் பேரிடம் கொடுங்கள். ஒவ்வொரு சீட்டும் எந்தத் தலைப்பைச் சேர்ந்தது, 1 முதல் 5-க்குள் எத்தனை என்று அவர்கள் ஒருவரையொருவர் கலக்காமல் குறிக்கட்டும். எட்டில் ஆறு பேராவது ஒரே தலைப்பில் வைத்த சீட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றிலும், எல்லோரும் போட்ட எண்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் விழுந்தவற்றை மட்டும் தாளுக்கு எடுங்கள். நிறையச் சீட்டுகள் கழியும். அதனால் ஒரு தலைப்புக்குப் பதினைந்து இருபது சம்பவங்களாவது முதலில் கையில் இருக்கட்டும்.

கழிந்த சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். "சிரிஞ்ச் பம்ப்பில் ஓடும் மருந்தின் அளவை இருவரும் சேர்ந்து ஆர்டருடன் ஒப்பிட்டார்கள்" என்று ஒரு சீட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வார்டு சிஸ்டர்கள் அதற்கு 5, 5, 4, 5 போடுகிறார்கள். ஐ.சி.யூ.விலிருந்து வந்தவர்கள் 3, 3, 2, 3 போடுகிறார்கள். அங்கே இது ஒவ்வொரு டியூட்டியிலும் செய்தே ஆக வேண்டிய வேலை, செய்யாவிட்டால்தான் பேச்சு. உங்கள் மருத்துவமனையில் ஒரே நர்ஸுக்கு 5-ம் 3-ம் வந்த காரணம் இந்த ஒரு சீட்டில் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட சீட்டைப் பொதுத் தாளில் வைக்காதீர்கள். ஐந்து படிகளின் பொருள் எல்லா வார்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும், உதாரணம் மட்டும் ஐ.சி.யூ.வுக்குத் தனியாக இருக்கலாம். அங்கே 3-ன் உதாரணத்தில் பம்ப் சரிபார்ப்பு வரும்.

தாளைக் கொடுத்துவிட்டால் வேலை முடியாது

அப்ரைசலுக்கு முன்னால் ஆறு இன்சார்ஜ்களையும் ஒரு மதியம் சேர்த்து உட்கார வையுங்கள். கற்பனையான மூன்று நர்ஸ்களின் ஒப்படைப்பை, ஒவ்வொன்றும் பத்து வரியில், எழுதிக் கொடுங்கள். எல்லோரும் பேசாமல் மதிப்பெண் போடட்டும். பிறகு எண்களைப் பலகையில் எழுதி, மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் போட்டவர்களை மட்டும் "தாளில் எந்த வரியைப் பார்த்துப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். தாளில் இல்லாத காரணம் வெளிவந்தால் ("பாவம், புதுசு" என்பது போல) அதைப் பற்றிப் பேசுங்கள். "தாராளமாகப் போடாதீர்கள்" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அதைக் கேட்டால் எல்லோரும் ஒரு புள்ளி குறைத்துப் போடுவார்கள், சரியாகப் போடுவார்கள் என்று சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம், உதாரணம் ஒரு பரீட்சை வினா இல்லை. 5-ல் யூரின் பற்றி எழுதியிருப்பதால் அதைச் சொன்னவருக்குத்தான் 5 என்று அர்த்தமில்லை. "இந்த நர்ஸிடம் நான் பார்த்தவற்றை வைத்துச் சொன்னால், அப்படி ஒரு சூழ்நிலையில் இதைச் செய்வார் என்று எதிர்பார்க்கலாமா?" என்பதுதான் கேள்வி. ஸ்மித்தும் கெண்டலும் தங்கள் வரிகளை அந்த வடிவில்தான் எழுதினார்கள்.

ஆனால் எதிர்பார்க்க, முதலில் பார்த்திருக்க வேண்டும். உங்கள் இன்சார்ஜ்கள் பெரும்பாலும் பகல் டியூட்டிதான் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் இரவு டியூட்டி அதிகம் பார்க்கும் நர்ஸின் வேலையில் பெரும்பகுதியை மதிப்பெண் போடுபவர் பார்ப்பதே இல்லை. அவர் முழுதாகப் பார்க்கக்கூடிய ஒரே இடம் காலை ஒப்படைப்பு. நான் அந்தத் தலைப்பை முதலில் எடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். மற்றவற்றுக்கு இரவு சூப்பர்வைசரின் குறிப்பு வேண்டும். இன்சார்ஜ் ஒவ்வொருவரும் ஒரு நோட்டில் நர்ஸுக்கு மாதம் இரண்டு வரி, தேதியோடு எழுதினால் போதும். இல்லையென்றால் அப்ரைசலுக்கு முந்தின மூன்று வாரம்தான் வருடம் முழுவதற்கும் மதிப்பெண் ஆகும்.

இந்தத் தாளால் ஆகாதது

இந்த முறையைப் பற்றிப் பல பத்தாண்டுகள் நடந்த ஆராய்ச்சிகள் சொல்வது, தாளின் வடிவத்தை மட்டும் மாற்றினால் கிடைக்கும் முன்னேற்றம் குறைவு என்பதே. குழப்பத்தால் வரும் வித்தியாசத்தை இது குறைக்கும். தெரிந்தே போடும் மதிப்பெண்ணை இது தடுக்காது. "சம்பளமே குறைவு, இதிலாவது கொடுப்போம்" என்று ஒரு சிஸ்டர் 5 போட்டால், தாளில் என்ன எழுதியிருந்தாலும் 5 போடுவார். 5-க்கும், 2-க்குக் கீழேயும் தேதியோடு ஒரு சம்பவம் எழுதியே ஆக வேண்டும் என்று வைத்தால் அது வெளியே தெரியும். அதற்குப் பிறகு நீங்கள் பேச வேண்டியது சம்பளத்தைப் பற்றி, அதுவும் நிர்வாக இயக்குநரிடம்.

எல்லா வார்டின் சராசரியும் ஒன்றாகிவிட்டதா என்று பார்த்து வெற்றியை அளக்காதீர்கள். வார்டுகளுக்குள் உண்மையாகவே வித்தியாசம் இருக்கலாம். ஒரே நர்ஸை நன்றாக அறிந்த இருவர் தனித்தனியாகப் போட்டால் ஒரு புள்ளிக்குள் வருகிறதா என்று பாருங்கள். பத்து நர்ஸ்களுக்குச் செய்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்த நர்ஸுக்கு என்ன செய்வது?

3-ஐ அழித்து 5 என்று எழுத வேண்டாம், இரண்டையும் கூட்டிச் சராசரியும் எடுக்க வேண்டாம். இரண்டு எண்ணும் வேறு வேறு அளவுகோலில் வந்தவை. அதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். பணத்தைத் தனியாகத் தீருங்கள். வருட நடுவில் பிரிவு மாறியவர்களுக்கு அந்த ஒரு வருடம் மட்டும் இன்கிரிமென்ட் முந்தைய வருடத்தைவிடக் குறையாது என்று பொது விதியாக அனுமதி வாங்குங்கள். அவர் ஒருவருக்கு மட்டும் சலுகை என்றால் மற்ற நர்ஸ்களிடம் உங்களால் பதில் சொல்ல முடியாது. ஐ.சி.யூ.வுக்குப் புதிதாகப் போனவர் வென்டிலேட்டர் கற்றுக்கொள்ளும் முதல் வருடத்தில் முழுமையான 3-ல் இருந்தால், அது குறை இல்லை என்பதையும் ஐ.சி.யூ. சிஸ்டரே அவரிடம் சொல்லட்டும்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 2008-ல் தேவ் தத் என்ற அரசுப் பொறியாளரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆண்டு அறிக்கையின் ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அவருக்குப் போட்டிருந்தது "நன்று". பதவி உயர்வுக்கு வேண்டியது "மிக நன்று". நல்ல வார்த்தை என்பதால் அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, பதவி உயர்வு மட்டும் போய்விட்டது. அந்தத் தீர்ப்பு அரசு சார்ந்த பணிகளுக்கானது, உங்கள் மருத்துவமனையை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. உங்களைக் கட்டுப்படுத்துவது நியமனக் கடிதமும் உங்கள் சொந்த விதிகளும். அவற்றில் மதிப்பெண்ணையும் இன்கிரிமென்ட்டையும் சேர்த்து எழுதியிருந்தால், புதிய தாளை அமலுக்குக் கொண்டுவரும் முன் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் தாளை வருட ஆரம்பத்திலேயே நர்ஸ்கள் கையில் கொடுங்கள். எந்த வரியை வைத்து 3 வந்தது என்று கேட்கவும், பதிலுக்குத் தன் சம்பவத்தை எழுதிக் கொடுக்கவும் ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்.

இந்த வருடம் ஒப்படைப்பை மட்டும் எடுத்து, இரண்டு வார்டுகளில், இன்கிரிமென்ட்டோடு சேர்க்காமல் நடத்திப் பாருங்கள். மற்ற மூன்று தலைப்புகளை அதற்குப் பிறகு எழுதலாம்.